கூடுதல் முதல்: இல்லை

அகிலாண்டம் அக்காவைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் ஒன்றுதான் சொல்ல முடியும். அவரைத் திருடி என்று முதலில் கணக்குப் போட்டுக் காட்டியவள் நான்.

என் பெயர் கோகிலவாணி. மும்பை கிங்ஸ் சர்க்கிளில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் ஒற்றை அறை ஆபீஸ் வைத்திருக்கிறேன். வருமான வரி, ஜிஎஸ்டி, பாங்க் லோனுக்குக் கணக்கு, பென்ஷன் ஃபாரம் என்று காகிதம் எதுவானாலும் எழுதிக் கொடுப்பேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கணக்கே எழுதாதவர்கள். கடைசி நேரத்தில் ஒரு பிளாஸ்டிக் பை நிறையச் சீட்டுகளைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்துவிட்டு, "மேடம், நாளைக்குள்ள வேணும்" என்பார்கள். எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுச் செய்து கொடுப்பேன்.

தங்கபாண்டியும் 2023 ஜூனில் அப்படித்தான் வந்தார். தாராவியில் அவருக்குப் பை தைக்கிற பட்டறைகளுக்குச் சாமான் விற்கிற கடை. ஜிப், பக்கிள், லைனிங் துணி, நூல், பசை எல்லாம் கிடைக்கும். மகள் காலேஜில் படிக்கிறாள். கடையைப் பெரிதாக்க பாங்கில் இரண்டு லட்சம் லோன் கேட்டிருந்தார். பாங்க்காரன் வருடக் கணக்கு கேட்டான். இவரிடம் இருந்தது மூன்று நோட்டு. உதார், அதாவது கடனுக்கு வாங்கிப் போனவர்களில் யார் பாக்கி என்று ஒன்று, மால் என்கிற சரக்கு கொடுத்தவர்களுக்கு இவர் தரவேண்டியது ஒன்று, கல்லாவில் சாயங்காலம் எவ்வளவு இருந்தது என்று ஒரு டைரி. ரொக்க விற்பனை எவ்வளவு என்பதற்கு எழுத்தில் ஒன்றுமே இல்லை. கல்லாவிலிருந்தே மால்காரனுக்கும் கொடுப்பார், வீட்டுக்கும் எடுப்பார், டீக்கும் எடுப்பார்.

"அண்ணாச்சி, இத வச்சு நான் கணக்கா எழுத, கதையா எழுத?" என்றேன்.

"எதையாவது எழுதுங்க மேடம். யாவாரம் நல்லாத்தான் ஓடுது. காயிதத்துல காட்டணும்லா" என்றார்.

இந்த மாதிரி ஆட்களுக்கென்று ஒரு வழி இருக்கிறது. நிலை அறிக்கை முறை. வருட ஆரம்பத்தில் கடைக்கு என்னென்ன சொத்து, என்னென்ன கடன் என்று பட்டியல் போட வேண்டும். சொத்தில் கடனைக் கழித்தால் மிச்சம் முதலாளியின் முதல். வருடக் கடைசியிலும் அதேபோல் ஒரு பட்டியல். இரண்டு முதலுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். நடுவில் அவர் வீட்டுக்கு எடுத்ததைக் கூட்ட வேண்டும், ஏனென்றால் அதுவும் கடை சம்பாதித்ததுதான். வெளியிலிருந்து கடைக்குள் போட்ட பணம் இருந்தால், அதற்குக் கூடுதல் முதல் என்று பெயர், அதைக் கழிக்க வேண்டும், ஏனென்றால் அது கடை சம்பாதித்தது இல்லை. வருவது லாபம். லாபம் எவ்வளவு என்று மட்டும்தான் இந்த முறை சொல்லும். எப்படி வந்தது என்று சொல்லவே சொல்லாது. இதைப் படித்துப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான்.

மால் எண்ணிப் பார்க்கக் கடைக்கே போனேன். அங்கேதான் அகிலாண்டம் அக்காவை முதலில் பார்த்தேன். தங்கபாண்டிக்குக் கூடப் பிறந்தவர் அவர் ஒருவர்தான். பதினாலு வயது மூத்தவர். அப்போது அறுபத்திரண்டு இருக்கும். மாநகராட்சி ஆஸ்பத்திரியில் முப்பத்து நாலு வருடம் வார்டு ஆயாவாக இருந்து ரிட்டயர் ஆனவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தம்பி வீட்டிலேயேதான் இருந்தார். தாராவி லேபர் கேம்பில் ஒற்றை அறையில் குடியிருந்த காலத்தில் அம்மா செத்துப் போனபோது தம்பிக்கு ஆறு வயது. அவன் பத்தாவது முடிக்கட்டும் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்னாராம். பத்தாவது முடிந்தது. அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வருவதும் நின்றுபோனது. இதை அவர் என்னிடம் சொன்னபோது சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

மத்தியானம் இரண்டிலிருந்து ஐந்து வரை கடை அவர் பொறுப்பு. தம்பி சாப்பிட்டுவிட்டு பட்டறை பட்டறையாகப் பாக்கி வசூலிக்கப் போவார். ஆஸ்பத்திரியில் கொடுத்த நீலக் கரை போட்ட புடவைகளையே கட்டிக்கொண்டு அக்கா உட்கார்ந்திருப்பார். "கவர்மெண்டு துணி எம்மா, கிழியவே மாட்டேங்கு" என்பார். அஞ்சாம் நம்பர் ஜிப் எது, எட்டாம் நம்பர் எது என்று கண்ணாடி இல்லாமல் விரலால் தடவியே சொல்லிவிடுவார். பேரம் பேசுகிறவனை மராத்தியில் ஒரு அதட்டு அதட்டினால் அவன் இவர் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுப் போவான். ஐந்து மணிக்குத் தம்பி வந்ததும் கல்லாவை எண்ணி, தொகையைச் சத்தமாகச் சொல்லி ஒப்படைப்பார். வார்டில் ஷிஃப்ட் மாறும்போது தெர்மாமீட்டரை எண்ணி ஒப்படைத்த பழக்கம். தம்பி அதை டைரியில் குறிப்பார்.

பட்டியல் போடுவது சுலபமாகவே இருந்தது. சித்திரை பிறப்பதற்கு முன் கடையைத் துடைத்து மால் எண்ணி ஒரு தாளில் எழுதி வைக்கிற வழக்கம் அங்கே இருந்தது. எழுதுவது அக்காதான். இரண்டு வருடத் தாள்களும் இருந்தன. நடுவில் சில நாள் வித்தியாசத்தை பில்லைப் பார்த்துச் சரிசெய்துகொண்டேன். 2022 மார்ச் கடைசியில் சொத்து ஐந்தரை லட்சம், தரவேண்டியது ஒரு லட்சத்து எழுபதாயிரம். முதல் மூன்று லட்சத்து எண்பதாயிரம். 2023 மார்ச் கடைசியில் ரொக்கம் இருபதாயிரம், பாங்கில் முப்பத்திரண்டு, மால் மூன்று லட்சத்து இருபது, உதார் பாக்கி இரண்டு லட்சத்து இரண்டு, தேய்மானம் போக ராக்குகள் முப்பத்தாறாயிரம். ஆக ஆறு லட்சத்துப் பத்தாயிரம். தரவேண்டியது ஒரு லட்சத்துத் தொண்ணூறு. முதல் நாலு லட்சத்து இருபதாயிரம்.

"வீட்டுக்கு எவ்வளவு எடுத்தீங்க அண்ணாச்சி?"

"மாசம் பதினஞ்சு. பிள்ளைக்கு காலேஜ் ஃபீஸ் நாப்பது கட்டுனேன்."

இரண்டு லட்சத்து இருபதாயிரம். எழுதிக்கொண்டேன். அடுத்த கேள்வி.

"வெளியேர்ந்து கடைக்குள்ள பணம் ஏதாவது போட்டீங்களா? நகை வித்தது, சீட்டுப் பணம், யாராவது குடுத்தது?"

"நான் எங்கிருந்து போட? கடைதான் மேடம் எங்களுக்குச் சோறு போடுது" என்று சிரித்தார் தங்கபாண்டி.

அக்கா பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து ஜிப்புக் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. கல்லாவில் தினமும் மூன்று மணி நேரம் உட்கார்கிறவர் அவர். அவரிடம் நான் கேட்கவில்லை. முதலாளி சொல்லிவிட்டார், பிறகென்ன என்று தாளில் 'கூடுதல் முதல்: இல்லை' என்று எழுதிவிட்டேன். நாலு இருபதில் இரண்டு இருபதைக் கூட்டி, மூன்று எண்பதைக் கழித்தேன். லாபம் இரண்டு லட்சத்து அறுபதாயிரம். லாப அறிக்கையும் நிலை அறிக்கையும் அழகாக டைப் அடித்துக் கொடுத்தேன். லோன் கிடைத்தது. தங்கபாண்டி மைசூர்பாகு டப்பாவோடு வந்தார். அக்காவைப் பார்த்து, "பாத்தியாக்கா, மாசம் இருபதாயிரத்துக்கு மேல வருது. நீதான் சும்மா பயந்த" என்று அவர் சொன்னதாக என்னிடமே பெருமையாகச் சொன்னார்.

அடுத்த வருடம் 2024 ஜூனில் மறுபடியும் அதே கணக்கு. பாங்க் கேட்டது. பட்டியலைப் போட்டேன். மால் கூடியிருந்தது, ஆனால் ரொக்கமும் பாங்க் இருப்பும் சேர்ந்து பதினைந்தாயிரம்தான். மொத்தச் சொத்து ஆறு லட்சத்து எழுபத்தைந்தாயிரம். மால்காரர்களுக்கு இரண்டு இருபது, பாங்க் லோன் பாக்கி ஒன்று எழுபது. முதல் இரண்டு லட்சத்து எண்பத்தைந்தாயிரமாக இறங்கிவிட்டது. வீட்டுக்கு எடுத்தது அதே இரண்டு இருபது. கணக்குப் போட்டால் லாபம் வெறும் எண்பத்தைந்தாயிரம்.

"அது எப்படி மேடம்? அதே கடை, அதே கிராக்கி, விலையும் குறைக்கல. லோன் வட்டி என்ன பெரிய வட்டி? ஒண்ணே முக்கால் லட்சம் எங்க போச்சு?" என்றார் தங்கபாண்டி. முகம் வெளுத்துவிட்டது.

மறுபடி கூட்டினேன், கழித்தேன். தொகை மாறவில்லை. அன்று எனக்கு வேறு நாலு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். எரிச்சலில் இருந்தேன். என் வாயிலிருந்து வந்த வார்த்தையை இப்போது நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

"கல்லாவுல யாரோ கை வைக்கறாங்க அண்ணாச்சி. நீங்க இல்லாதப்போ யார் உக்காரறாங்கன்னு பாருங்க" என்றேன்.

அவர் எழுந்து போனார். அன்று சாயங்காலம் அக்காவையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார். அக்கா ரொம்ப மெலிந்திருந்தார். வயதாகிறது என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு வருடக் கணக்கையும் அவர் முன்னால் வைத்து நானே விளக்கினேன். போன வருடம் இரண்டு அறுபது, இந்த வருடம் எண்பத்தைந்து, நடுவில் இவ்வளவு குறைகிறது என்று பென்சிலால் கோடு போட்டுக் காட்டினேன். அவர் அந்தக் கோட்டையே ரொம்ப நேரம் பார்த்தார்.

"போன வருசக் கணக்க வச்சுத்தான் லோன் குடுத்தானா எம்மா?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமாக்கா."

"அந்தக் கணக்கு தப்புன்னா?"

"லோனைத் திரும்பக் கேப்பான். பொய்க் கணக்குன்னு கேஸ்கூடப் போடுவான்" என்றேன். கொஞ்சம் மிரட்டித்தான் சொன்னேன்.

அக்கா தம்பியைப் பார்த்தார். "தப்பெல்லாம் இல்ல. நான்தாம்ல எடுத்தேன்" என்றார்.

"என்னக்கா சொல்லுத?"

"கைச்செலவுக்கு எடுத்தேன். எடுத்தா என்ன, வளத்தவதான?"

"பென்ஷன் வருதுல்லா உனக்கு? பத்தலையா? எங்கிட்ட கேட்டாத் தரமாட்டேனா?" தங்கபாண்டியின் குரல் உடைந்தது. பிறகு கோபம் வந்துவிட்டது. "பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட நான் லோலோன்னு அலையுதேன். நீ கூடவே உக்காந்து எடுத்திருக்க. இனிமே கடைப்பக்கம் வராத. என் மூஞ்சிலயும் முழிக்காத."

அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நான் வாசல் வரைகூடப் போகவில்லை. கண்டுபிடித்துவிட்டோம் என்ற திருப்தி எனக்கு இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

செப்டம்பர் கடைசியில் முருகம்மாள் என்று ஒரு அம்மா வந்தார். அக்காவோடு அதே வார்டில் வேலை பார்த்தவர், செம்பூரில் இருக்கிறார். அகிலாண்டம் இறந்துவிட்டாள், பென்ஷன் கணக்கை முடிக்க ஃபாரம் எழுத வேண்டும் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தம்பி வீட்டைவிட்டுப் போனவர் மூன்று மாதம் இந்த அம்மாவின் அறையில்தான் இருந்திருக்கிறார். வயிற்றில் கட்டி. 2023 ஏப்ரலிலேயே டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"தம்பிக்குத் தெரியாதா?" என்று கேட்டேன்.

"சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. தெரிஞ்சா கடைய வித்து வைத்தியம் பாப்பான், பிள்ள படிப்பு நின்னுரும்னு சொன்னா. செத்த அன்னைக்குத்தான் அவனுக்குச் சொல்லியனுப்புனேன். வந்தான். ஒரு ஓரமா நின்னுட்டு கொள்ளி வச்சிட்டுப் போயிட்டான். எங்கிட்டகூடப் பேசல."

பாஸ்புக்கை நீட்டினார். நாமினி தங்கபாண்டி. ஃபாரத்துக்குக் கணக்கு நம்பர் வேண்டும் என்று முதல் பக்கத்தைப் புரட்டினேன். பிறகு பழக்கதோஷத்தில் அடுத்த பக்கங்களையும் பார்த்தேன். 2023 மார்ச் வரை மாதம் தவறாமல் ஒன்றாம் தேதியோ இரண்டாம் தேதியோ பதினைந்தாயிரம் ரொக்கமாக எடுத்திருந்தார். ஏப்ரலில் ஸ்கேன் சென்டர். பிறகு மாதா மாதம் மருந்துக் கடை.

"இந்தப் பதினஞ்சாயிரம் என்ன செலவு? முன்னாடி எடுத்தது?"

"அதுவா? தம்பி கடைக்கு" என்றார் முருகம்மாள் சாதாரணமாக. "தெனம் ஒரு ஐநூறு. அஞ்சு மணிக்கு எண்ணி ஒப்படைக்கதுக்கு முன்னால கல்லாவுல போட்டுருவாளாம். ரிட்டயர் ஆனதுலேர்ந்தே. யாவாரம் படுத்துக்கிடக்கு, கையில குடுத்தா வாங்க மாட்டான், மனசு விட்டுருவான்னு சொல்லுவா. நோவு வந்தபொறவுதான் போட முடியல. அதுக்குத்தான் ரொம்ப அழுதா."

அவர் பேசிக்கொண்டே இருந்தார். எனக்குக் காதில் விழவில்லை. பன்னிரண்டு பதினைந்து, ஒரு லட்சத்து எண்பதாயிரம். பழைய ஃபைலை எடுத்தேன். கூடுதல் முதல் என்று இருந்த இடத்தில் அந்தத் தொகையை எழுதிக் கழித்தேன். இரண்டு லட்சத்து அறுபதாயிரம் லாபம் எண்பதாயிரமாக வந்து நின்றது. மறு வருடம் எண்பத்தைந்து. இரண்டு வருடமும் கடை ஏறக்குறைய ஒரே தொகையைத்தான் சம்பாதித்திருக்கிறது. எங்கேயும் எதுவும் குறையவில்லை. யாரும் எதையும் எடுக்கவில்லை. ஒரு கேள்வியைச் சரியான ஆளிடம் கேட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். அந்தப் பென்சில் கோட்டைப் பார்த்துக்கொண்டு, லோனைத் திரும்பக் கேட்பான் என்று நான் மிரட்டியதைக் கேட்டுக்கொண்டு, ஒரே நிமிடத்தில் திருட்டுப் பட்டத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார் அந்த மனுஷி. முருகம்மாள் முன்னாலேயே மேசையில் தலையை வைத்து அழுதேன்.

தங்கபாண்டியிடம் சொல்ல எனக்கு நாலு நாள் ஆயிற்று. சொல்லாமலே விட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். அக்கா அதைத்தானே விரும்பினார். ஆனால் அக்கா திருடி என்று தம்பி சாகும்வரை நினைத்துக்கொண்டிருப்பதை என்னால் சகிக்க முடியவில்லை. கடைக்குப் போய் ஷட்டரைப் பாதி இறக்கச் சொல்லிவிட்டு, பாஸ்புக்கையும் திருத்திய நிலை அறிக்கையையும் அவர் மடியில் வைத்தேன். ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். என் தப்பையும் சொன்னேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் டைரியைப் புரட்டினார். ஐந்து மணிக்கு அக்கா சொல்லச் சொல்ல இவர் எழுதிய தொகைகள். ஒவ்வொன்றிலும் விரலை வைத்து வைத்து எடுத்தார். "இதுல ஐநூறு... இதுல ஐநூறு..." என்று நாலைந்து பக்கம் போனார். பிறகு நிறுத்திவிட்டார்.

"எல்லாம் சேத்து எவ்வளவு மேடம்?"

"இந்த ஒரு வருஷம் ஒண்ணு எண்பது. ரிட்டயர் ஆனதுலேர்ந்துன்னா நாலு வருஷம். ஏழு லட்சத்துக்கிட்ட இருக்கும்."

"இத எப்படி எழுதியிருக்கீங்க?"

"கூடுதல் முதல்னு. நீங்க வெளியேர்ந்து கொண்டுவந்து போட்ட மாதிரி."

"வேண்டாம், அழிங்க" என்றார். "முதல்னு எழுதுனா அது எனக்குச் சேந்ததாயிரும்லா. கடன்னு எழுதுங்க. அகிலாண்டத்துக்குத் தரவேண்டியதுன்னு எழுதுங்க. மாசா மாசம் கட்டுதேன். வட்டியோட கட்டுதேன். சாகிறவரைக்கும் கட்டுதேன்."

சரி என்று சொல்லியிருக்கலாம். ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் அந்த ராத்திரி தூங்கியிருப்பார். ஆனால் இந்தக் கடை விஷயத்தில் ஏற்கெனவே ஒரு தடவை யோசிக்காமல் எழுதிவிட்டேன். இரண்டாவது தடவை எழுதக் கை வரவில்லை.

"கடன்னு எழுதலாம் அண்ணாச்சி. ஆனா யாருக்குக் கட்டுவீங்க?"

"அவ வாரிசுக்கு."

"கல்யாணம் ஆகல, அப்பா அம்மா இல்ல. கூடப் பொறந்தது நீங்க ஒருத்தர்தான். நாமினியும் நீங்கதான். அவங்களுக்கு வரவேண்டிய கடனும் உங்களுக்குத்தான் வரும். ஒரு பக்கம் எழுதி, மறு பக்கம் அழிச்சிடணும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை.

"அப்போ நான் எங்க அக்காவுக்குக் குடுக்க வேண்டியது ஒண்ணுமே இல்லியா மேடம்?"

"கணக்குப்படி ஒண்ணுமில்ல அண்ணாச்சி" என்றேன்.

பாஸ்புக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஜிப்புக் கட்டுகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து, தங்கபாண்டி வாய்விட்டுக் கதறினார்.